புள்ளி விழுவதற்கு இரண்டு ஃபிரேம் முன்னால்

போன வருஷம் நண்பர் ஒருவர் எடுத்த 10 நிமிடக் குறும்படத்துக்கு நான்தான் எடிட்டர். அந்தப் படத்தில் 12 வருஷம் கடந்து போவதை 42 நொடிக்குள் காட்ட வேண்டியிருந்தது. அது முடிகிற இடத்தில் ஒரே ஒரு கட், ஒரு சாவைச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்காகவும் நாங்கள் பட்ட பாட்டையும், எது தப்பாகப் போனது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஒரு ஷாட்டின் உருவமோ அசைவோ அடுத்த ஷாட்டில் தொடர்கிற மாதிரி வெட்டுவது மேட்ச் கட், பல துண்டுகளை அடுக்கி நீண்ட காலத்தைச் சுருக்கிச் சொல்வது மாண்டேஜ் என்பதை எங்கே வேண்டுமானாலும் படித்துவிடலாம். ஒரு மேட்ச் கட் ஏன் வேலை செய்யவில்லை என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் எனக்கு உண்மையில் பாடமாக இருந்தது.

கதை ரொம்பச் சின்னது. மயிலாடுதுறை பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு, ஒரு அம்மா, ஒரு மகள். அம்மா தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள், மகள் வளர்கிறாள், படிக்கப் போகிறாள், வேலைக்குப் போய்விடுகிறாள், ஒரு நாள் அம்மா இறந்துபோகிறாள். வசனம் மொத்தம் ஏழெட்டு வரிதான். மகள் வளர்வதை வாசலை வைத்தே சொல்லிவிட வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. கோலம் வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டே வரும். முதலில் 15 புள்ளி 8 வரை இடைப்புள்ளிக் கோலம், அப்புறம் 9 புள்ளி 5 வரை, அப்புறம் 7 புள்ளி 4 வரை, அப்புறம் புள்ளியே இல்லாத ஒரு நட்சத்திரம், கடைசியில் வெறும் நாலு கோடு. அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எந்த இடத்திலும் யாரும் சொல்ல மாட்டார்கள், கோலமே சொல்லும். கேட்டவுடன் எனக்குப் பிடித்துவிட்டது.

முதல் முறை எடுத்து வந்தபோது அது வேலை செய்யவில்லை.

ஒரே காலையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு கோலத்துக்கும் கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி, ஒன்றை இடப்பக்கத்திலிருந்து, ஒன்றை மேலேயிருந்து, ஒன்றைத் திண்ணைத் தூணை முன்னால் வைத்து என்று பார்க்க அழகாகத்தான் எடுத்திருந்தார்கள். வருஷம் மாறுவதைக் காட்டக் கதவுக்கு நீல பெயிண்டும் பச்சை பெயிண்டும் அடித்திருந்தார்கள். அம்மாவின் புடவை மாறியது, பூத்தொட்டி வந்தது, போனது. நான் அதையெல்லாம் ஐந்தைந்து நொடியாக அடுக்கி, ஒரு ஷாட் கரைந்து அடுத்ததாக மாறுகிற டிஸால்வ் போட்டு, மேலே ஒரு புல்லாங்குழல் இசையை ஓட்டி நாலு பேருக்குப் போட்டுக் காட்டினேன். இயக்குநரின் அத்தை பார்த்துவிட்டு, “தெரு பூரா கோலம் போட்டிருக்காங்களே, மார்கழி மாசமா?” என்று கேட்டார்.

ஏழு வேறு வேறு வருஷம் என்று நாங்கள் நினைத்தது அவருக்கு ஏழு வீடாகத் தெரிந்திருக்கிறது. அவர் மேல் தப்பே இல்லை. ஷாட்டுக்கு ஷாட் கதவு நிறம் வேறு, கோணம் வேறு, கோலம் வேறு என்றால் பார்க்கிறவர் அதை வேறு வேறு இடம் என்றுதான் எடுத்துக்கொள்வார். இடம் மாறவில்லை, காலம்தான் மாறியது என்று அவர் புரிந்துகொள்ள வேண்டுமானால், மாறாத ஒன்றை அவர் கண்ணில் நாம் முதலில் ஆணி அடித்த மாதிரி நிறுத்தியிருக்க வேண்டும். நாங்கள் எதையுமே நிறுத்தவில்லை.

இந்த இடத்தில் எனக்கு நினைவு வந்தது 1941-இல் வந்த ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ படத்தின் காலை உணவுக் காட்சி. ஒரு கல்யாணம் முறிந்துபோவதை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் சொல்லி முடிக்கிற காட்சி அது. கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சிக்கொள்கிறார்கள். கேமரா சட்டென்று பக்கவாட்டில் வீசித் திரும்புகிறது, நின்றால் வேறு உடை, வேறு வருஷம், அதே மேசை. ஒவ்வொரு வீச்சுக்கும் பேச்சில் கசப்பு ஏறுகிறது. கடைசியில் இருவரும் பேசுவதே இல்லை. அவர் தன்னுடைய பத்திரிகையைப் படிக்கிறார், அவள் அவருடைய போட்டிப் பத்திரிகையைப் படிக்கிறாள். கேமரா பின்னால் நகரும்போதுதான் மேசை எவ்வளவு நீளம், இருவரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது. பெர்னார்ட் ஹெர்மனின் இசைகூட அப்படித்தான், ஒரே வால்ட்ஸ் மெட்டு ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரிந்துகொண்டே போகும்.

அதை நான் அன்று ராத்திரி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மேசை மாறவில்லை, சாப்பாட்டு நேரம் மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற விதமும் மாறவில்லை. எல்லாத் துண்டும் ஒரே கேள்விக்கான பதில்: இன்றைக்கு இவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுகிறார்கள்? உடையும் முடியும் மாறுவது வருஷத்தைச் சொல்லத்தான், கதையைச் சொல்ல அல்ல. நாங்களோ கதவையும் பூத்தொட்டியையும் கேமராவையும் மாற்றி, உண்மையில் பார்க்க வேண்டிய கோலத்தை அந்தக் கூட்டத்துக்குள் தொலைத்திருந்தோம்.

சரி, திரும்ப எடுக்கலாம் என்று முடிவானது. இந்த முறை நானும் கூடப் போனேன். மேட்ச் கட்டை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எடிட்டர் ஒரு நாளாவது படப்பிடிப்பில் நிற்க வேண்டியது இந்த மாதிரிக் காட்சிக்குத்தான். இரண்டு ஷாட்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்றால், இரண்டாவதை எடுக்கும்போது முதலாவது கண் முன்னால் இருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து நான் இழுத்துப் பிடிக்க முடிவது கொஞ்சம்தான்.

வாசலைப் பார்த்து ஒரே ஒரு ஃபிரேம். 35 மி.மீ. லென்ஸ், படியிலிருந்து ஒன்பது அடி தள்ளி, நாலு அடி உயரத்திலிருந்து கொஞ்சம் கீழே பார்க்கிற மாதிரி. தெரு மண் தரை என்பதால் ட்ரைபாடின் மூன்று காலுக்கும் மூன்று நீள ஆணியை அடித்து வைத்தோம், ஏனென்றால் சாக்பீஸில் குறி போட்டால் வாசல் தெளிக்கிற தண்ணீரில் அது போய்விடும். கோலத்தின் நடுப்புள்ளி எங்கே வர வேண்டுமோ அங்கே சிமென்ட் தரையில் கடுகளவு வெள்ளை பெயிண்ட் வைத்தார் ஒளிப்பதிவாளர். அம்மாவாக நடித்த அக்கா ஒவ்வொரு கோலத்தையும் அந்தப் புள்ளியிலிருந்துதான் ஆரம்பிப்பார். பெரிய கோலமோ சின்னக் கோலமோ, நடு எப்போதும் ஃபிரேமில் அதே இடத்தில் இருக்கும். இப்படிச் செய்ததால் கட் ஆகும்போது கோலம் நகர்வது போலவே தெரியாது, ஒரே கோலம் உள்பக்கமாகச் சுருங்குவது போலத் தெரியும்.

கதவு, புடவை, பூத்தொட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். மாறுவது கோலம் ஒன்று. கூடவே வருஷத்தைச் சொல்ல, படியின் வலது ஓரத்தில் அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் மகளின் காலணி. முதலில் குழந்தை செருப்பு, அடுத்ததில் கறுப்பு ஸ்கூல் ஷூ, மூன்றாவதில் பெரிய ஷூவும் ஃபிரேம் ஓரத்தில் சைக்கிள் சக்கரமும், நாலாவதில் குதிகால் வைத்த செருப்பு, ஐந்தாவதில் அதே செருப்போடு ஒரு டிராலி பை, ஆறாவதில் அம்மாவின் செருப்பு மட்டும்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் தரையிலிருந்து வந்தது. ஈரமான சிமென்ட் கருப்பாக இருக்கும், அதில் மாவு கொஞ்சம் மங்கலாகத் தெரியும். காயக் காயத் தரை வெளுக்கும், கோலமும் பளிச்சென்று ஆகும். கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், எங்களுக்கு மானிட்டரில் பார்த்தபோதுதான் உறைத்தது. பெரிய கோலம் போட்டு முடிக்க இருபது நிமிடம் ஆகிறது, அதற்குள் தரை பாதி காய்ந்துவிடுகிறது. நாலு கோடு போட ஒரு நிமிடம்கூட ஆகாது, தரை சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கோலம் சுருங்குவதை யாரும் பார்க்க மாட்டார்கள், தரை நிறம் குதிப்பதுதான் கண்ணில் படும். வெயிலும் அப்படியே. ஆறு மணி வெளிச்சத்துக்கும் ஏழேகால் வெளிச்சத்துக்கும் நிறமே வேறு. கடைசியில் காலைக்கு இரண்டு கோலம் என்று மூன்று காலையாகப் பிரித்தோம். கோலம் போட்டு முடித்தபின் தரையின் ஓரங்களில் கைத்தெளிப்பானால் மெல்ல நீர் அடித்து ஈரத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே கேமராவை ஓட்டினோம். மாவு மேல் நீர் பட்டால் கோடு கரைந்துவிடும், அதனால் அந்த வேலை முழுக்க அக்காவின் கையில்தான் இருந்தது.

இந்த ஆறு ஷாட்டையும் டைம்லைனில் வைத்தபோது டிஸால்வை எடுத்துவிட்டேன். காலம் கடப்பதற்கு டிஸால்வ் போடுவது நம் சினிமாவில் ஊறிப்போன பழக்கம், ஓடுகிற பையனின் கால் கரைந்து வளர்ந்த நாயகனின் காலாக மாறுவதைப் பார்த்துத்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். ஆனால் ஃபிரேம் அசையாமல் இருக்கும்போது டிஸால்வ் போட்டால் இரண்டு கோலமும் ஒரு நொடி ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சிக்கலாகிறது, எந்தக் கோடு எதனுடையது என்று கண் தடுமாறுகிறது. நேர் கட்டில் அந்தக் குழப்பம் கிடையாது. 1962-இல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தில் லாரன்ஸ் எரிகிற தீக்குச்சியை ஊதுவதும், சட்டென்று பாலைவனத்தில் விடியப்போகிற வானம் வருவதும் பலருக்கு நினைவிருக்கும். திரைக்கதையில் அது டிஸால்வ் என்றுதான் இருந்ததாம். அந்தக் காலத்தில் டிஸால்வை லேபில் தனியாகச் செய்து வாங்க வேண்டும். அது வருவதற்கு முன்னால் இரண்டு ஷாட்டும் நேராக ஒட்டியிருந்ததை இயக்குநர் டேவிட் லீனும் எடிட்டர் ஆன் கோட்ஸும் பார்த்துவிட்டு, அப்படியே வைத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். கோட்ஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தீயும் சூரியனும் கரைந்து கலந்திருந்தால் அது ஒரு உவமை மாதிரி மென்மையாகப் போயிருக்கும். நேர் கட்டாக வந்ததால் ஊதியதும் ஒரு பாலைவனமே வந்து விழுகிறது.

நீளம்தான் அடுத்த கேள்வி. முதல் வடிவத்தில் எல்லா ஷாட்டும் ஐந்து நொடி, பார்க்க ஸ்லைடு ஷோ மாதிரி இருந்தது. இப்போது முதல் ஷாட்டுக்கு ஒன்பது நொடி கொடுத்தேன், ஏனென்றால் இந்த வாசலின் படி எங்கே, செருப்பு எங்கே, கோலம் எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவர் மனப்பாடம் செய்ய வேண்டியது அதில்தான். இரண்டாவது ஏழு, மூன்றாவது ஐந்து, அடுத்த இரண்டும் நாலு நாலு. விளையாட்டு புரிந்துவிட்ட பிறகு கண் நேராக மாறிய இடத்துக்குத்தான் போகும், அதற்கு நாலு நொடி தாராளம். ஆறாவதை மறுபடி ஏழு நொடிக்கு நீட்டினேன். அதில் மகளின் செருப்பு இல்லை. ஒன்று இருப்பதைக் கவனிக்க ஒரு நொடி போதும், ஒன்று இல்லாததைக் கவனிக்க நேரம் பிடிக்கும். கண் அந்த வலது ஓரத்துக்குப் போய், தேடி, இல்லை என்று திரும்பி வர வேண்டும்.

இசையை முழுக்க எடுத்துவிட்டேன். பாட்டைப் போட்டால் மாண்டேஜ் தானாக ஓடிவிடும், அதுதான் ஆபத்து. ஒரே பாட்டில் மாட்டுக்கொட்டகை மாளிகையாவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, பாட்டு ஆரம்பித்தவுடனேயே ‘ஓ, வருஷம் ஓடப்போகிறது’ என்று தெரிந்துவிடுகிறது, அப்புறம் படத்தைப் பார்க்க மாட்டோம், பாட்டு முடியக் காத்திருப்போம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஷாட்டின் ஆரம்பத்திலும் வாசல் தெளிக்கிற ‘சளார்’ சத்தத்தை வைத்தேன். படத்தில் தெளிப்பது தெரியாது, கோலம் முடிகிற நேரம்தான் தெரியும், ஆனால் கட் ஆகிற அதே ஃபிரேமில் சளார். மூன்றாவது முறை கேட்கும்போது அது ஒரு தாளமாகிவிடுகிறது, ஒரு புது நாள் என்பதற்கான குறியாகிவிடுகிறது. அதனால் ஏழாவது ஷாட்டில் அந்தச் சத்தம் வராதபோது, என்ன குறைகிறது என்று தெரியாமலே ஏதோ குறைவதாகப் படும். அம்மாவால் வாளியைத் தூக்க முடியவில்லை.

அந்த ஏழாவது ஷாட்டில்தான் கேமரா முதல் தடவையாக நகர்கிறது. ஆறு முறை அசையாத அதே ஃபிரேமைப் பார்த்த பிறகு திடீரென்று மேலேயிருந்து ஒரு குளோஸப்: காய்ந்த தரை, அம்மாவின் கை, விரல் நுனியில் மாவு, ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. மூன்றாவது புள்ளிக்குக் கை இறங்கும்போது கட். அடுத்த ஷாட்டில் மகளின் கை, வாய்க்கரிசி போடுகிறது. மாவும் அரிசிதான், வாயில் விழுவதும் அரிசிதான் என்பதால் இயக்குநருக்கு இந்த எண்ணம் வந்திருக்கிறது. படத்தின் மொத்த எடையும் இந்த ஒரு கட்டில் இருக்கிறது.

இரண்டு எண்ணங்களைக் கட்டால் இணைப்பதைப் பற்றிப் பேசினால் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனைத் தாண்டிப் போக முடியாது. 1925-இல் வந்த அவருடைய ‘ஸ்ட்ரைக்’ படத்தில் தொழிலாளர்கள் சுடப்படுவதையும் ஒரு மாடு அறுக்கப்படுவதையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். அந்த மாடு கதைக்குள் எங்கேயும் இல்லை, உவமைக்காக வெளியிலிருந்து வந்தது. அதே வருஷத்து ‘பாட்டில்ஷிப் போடெம்கின்’ படத்தில் வருகிற மூன்று கல் சிங்கங்களும் அப்படித்தான். ஒன்று தூங்குகிறது, ஒன்று தலை தூக்குகிறது, ஒன்று எழுகிறது, மூன்று தனித்தனிச் சிலைகள், ஆனால் வேகமாக அடுக்கும்போது ஒரே சிங்கம் கோபத்தில் எழுந்த மாதிரி இருக்கிறது. அதில் எனக்கு அலுக்காத பிரியம் உண்டு. ஆனால் ஒரு வீட்டு வாசலை விட்டு நகராத பத்து நிமிடப் படத்துக்குள் வெளியிலிருந்து ஒரு உவமையைக் கொண்டுவந்தால் அது உடனே துருத்தித் தெரியும், இயக்குநர் ஏதோ சொல்ல வருகிறார் என்று பார்க்கிறவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். எங்களிடம் இருந்த இரண்டு கையும் கதைக்குள்ளேயே இருந்தவை, அது எங்கள் அதிர்ஷ்டம்.

ஆனாலும் முதல் முயற்சி தோற்றது. காரணம் அசைவு. கோலத்தில் கோடு இழுக்கிற ஷாட்டைத்தான் முதலில் எடுத்திருந்தோம், கை இடமிருந்து வலமாக ஓடுகிறது, மாவு விரல் நடுவே வழிகிறது. வாய்க்கரிசியிலோ கை மேலிருந்து கீழே இறங்கி, விரல்கள் தளர்ந்து, திரும்ப மேலே போகிறது. இரண்டிலும் கை, இரண்டிலும் அரிசி, வெளிச்சம்கூட ஒன்றுதான், இருந்தும் கட் தடுக்கி விழுந்தது. உருவம் ஒத்துப்போனால் போதும் என்று நினைத்தோம், கண்ணுக்கு உருவத்தைவிடப் போகிற திசை முக்கியமாக இருந்தது. எந்த அசைவு இரண்டிலும் ஒன்று என்று கைகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காதான் சொன்னார், “கோடு வேணாம் தம்பி, புள்ளி வைக்கிறத எடுங்க. இறங்கும், விடும், எழும்பும்.” அவ்வளவுதான், திறந்துகொண்டது.

இரண்டாவது ஷாட்டை எடுத்தது வேறு நாள், வேறு வீட்டின் கூடத்தில். முதல் ஷாட்டில் கட் ஆகப்போகிற ஃபிரேமை நான் முன்பே தேர்ந்தெடுத்துப் படமாக எடுத்துப் போயிருந்தேன். மானிட்டரில் அதைத் திறந்து, மேலே கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற ஒரு ஓஹெச்பி ஷீட்டை ஒட்டி, கையின் வெளிக்கோட்டை மார்க்கரில் வரைந்தோம். மணிக்கட்டு எங்கே, கட்டை விரல் எங்கே, விரல் நுனி எங்கே. அப்புறம் மானிட்டரை கேமராவோடு இணைத்து, மகளாக நடித்த பெண்ணின் கை அந்தக் கோட்டுக்குள் வந்து இறங்குகிற வரை திரும்பத் திரும்ப எடுத்தோம். லென்ஸும் ஒன்றே, 50 மி.மீ., கைக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்தோம். நேர் மேலேயிருந்து எடுத்ததில் இன்னொரு வசதி இருக்கிறது, அடிவானமோ சுவர் விளிம்போ ஃபிரேமில் இல்லை, அதனால் எடிட்டில் மூன்று நாலு டிகிரி சுழற்றினாலும் யாருக்கும் தெரியாது.

எடிட்டில் செய்தது எளிது. இரண்டாவது ஷாட்டை முதல் ஷாட்டின் மேல் டிராக்கில் வைத்து ஒபாசிட்டியைப் பாதியாக்கினால் இரண்டு கையும் ஆவி மாதிரி ஒன்றின் மேல் ஒன்று தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நகர்த்தி, கொஞ்சம் பெரிதாக்கி, கொஞ்சம் சுழற்றி, விரல் நுனி மேல் விரல் நுனி விழுகிற வரை சரிசெய்து, ஒபாசிட்டியைத் திரும்ப ஏற்றிவிட வேண்டியதுதான். 4கே-வில் எடுத்து 1080-இல் முடிக்கிற படம் என்பதால் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. எனக்கு ஒன்பது சதவீதம்தான் தேவைப்பட்டது. எல்லாவற்றையும் பொருத்த முடியாது, மணிக்கட்டின் பருமன் பொருந்தவே இல்லை, ஆனால் பார்க்கிறவரின் கண் மணிக்கட்டில் இல்லை. கண் எங்கே இருக்கிறதோ அங்கே பொருந்தினால் போதும். இதைச் சோதிக்க என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, முதல் கையின் விரல் நுனி இருக்கிற இடத்தில் மானிட்டரில் ஒட்டிவிட்டு ஓட்டினேன். கட் ஆனதும் இரண்டாவது கையின் நுனி பொட்டுக்கு அடியில் வந்து நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா என்று பார்த்தால் போதும். இன்னமும் எல்லாப் படத்துக்கும் இதைச் செய்கிறேன்.

எந்த ஃபிரேமில் வெட்டுவது என்பதில்தான் இரண்டு ராத்திரி போனது. புள்ளி விழுந்து, கை எழும்பிய பிறகு வெட்டிப் பார்த்தேன். அப்போது இரண்டாவது ஷாட் முதல் ஷாட்டைப் போலச் செய்து காட்டுவது மாதிரி ஆகிவிட்டது, புள்ளி வைத்தாள், அதே மாதிரி அரிசி போட்டாள் என்று ஒப்புமை மட்டும் நின்றது. புள்ளி விழுகிற அதே ஃபிரேமில் வெட்டிப் பார்த்தேன், தரையில் வெள்ளை தெரிந்தவுடன் கண் அதற்குப் போய்விட்டது, கையை விட்டுவிட்டது. கடைசியில் விரல் தளர்வதற்கு இரண்டு ஃபிரேம் முன்னால் வெட்டினேன். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் அது ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். அம்மாவின் விரல் மாவை விடவில்லை, விடப்போகிறது, கட், மகளின் விரல் அரிசியை விடுகிறது. ஒரே அசைவின் முதல் பாதி அம்மாவுடையது, மறுபாதி மகளுடையது. இரண்டாவது கை நின்ற நிலையில் ஆரம்பிக்காமல் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருப்பதும் முக்கியம், அதன் வேகம் கொஞ்சம் குறைவாக இருந்ததால் ஆறு சதவீதம் ஏற்ற வேண்டியிருந்தது.

இவ்வளவும் சரியாக வந்த பிறகு இன்னொரு பள்ளம் காத்திருந்தது. பொருத்தம் வேண்டும் என்று மகளின் கையிலும் அம்மாவின் அதே சிவப்புக் கண்ணாடி வளையலைப் போட்டிருந்தோம். பார்த்தவர்களில் இரண்டு பேர் வாய்க்கரிசி போடுவது அம்மா என்று நினைத்துவிட்டார்கள், அப்பாதான் இறந்துவிட்டார் போல என்று பேசிக்கொண்டார்கள். பொருத்தம் அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் கை மாறியதே தெரியவில்லை. மேட்ச் கட்டில் பொருந்தாத ஒன்று இருந்தே ஆக வேண்டும், அதுவும் அரை நொடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. 1968-இல் வந்த குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் எலும்பைத் தூக்கி எறிந்ததும் விண்கலம் வருகிற அந்தப் பிரபலமான கட்டில் இரண்டும் நீளமான வெள்ளை உருவங்கள் என்பது கண்ணை ஏமாற்றுகிற அளவுக்குப் போதும், ஆனால் ஒன்றை மற்றொன்று என்று யாரும் நினைக்க வழியில்லை. இரண்டும் மனிதக் கை என்னும்போது அந்த வித்தியாசத்தை நாம்தான் வைக்க வேண்டும்.

கூடத்துக்குத் திரும்பப் போய் அந்த ஷாட்டை மட்டும் மறுபடி எடுத்தோம். வளையலைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்டீல் கைக்கடிகாரம். அவள் வேலைக்குப் போகிறவள் என்பதை மூன்றாவது காட்சியில் அந்தக் கடிகாரத்தை வைத்தே காட்டியிருந்தோம். கட் ஆனதும் விரல் நுனியில் இருக்கிற கண், அரிசி விழுந்தவுடன் கையோடு மேலே எழும்பும், அப்போது கடிகாரம் வந்து நிற்கும். முதலில் தொடர்ச்சி, அப்புறம் அது அம்மா இல்லை என்கிற அறிதல், அதற்கப்புறம்தான் யாருடைய வாயில் அரிசி விழுந்தது என்கிற கேள்வி. மூன்றும் இந்த வரிசையில் வருவதற்கு ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. அம்மாவின் முகத்தை நாங்கள் காட்டவே இல்லை.

சத்தத்திலும் ஒரு தப்பு செய்து திருத்தினேன். அடுத்த காட்சியின் சத்தத்தை முன்கூட்டியே கொண்டுவருவது எடிட்டர்களுக்குப் பிடித்த பழக்கம், கட்டை மென்மையாக்கும். அதனால் சங்கு ஊதுகிற சத்தத்தை அம்மா புள்ளி வைக்கும்போதே ஒரு நொடி முன்னால் ஆரம்பித்தேன். நம் ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை, அதுதான் கெடுத்தது. படம் சொல்வதற்கு முன்னால் காது சொல்லிவிட்டது, கட் வரும்போது சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சங்கை அடுத்த ஷாட்டுக்குத் தள்ளினேன். இப்போது புள்ளி வைக்கும்வரை காக்கையும் தூரத்துப் பால்காரர் மணியும், கட் ஆனதும் எல்லாம் நின்று அரிசி விழுகிற மெல்லிய சத்தம் மட்டும்.

முதலில் பார்த்த அதே நாலு பேருக்கு இரண்டாவது முறை போட்டுக் காட்டியபோது ‘நல்லா இருக்கா’ என்று யாரையும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். முதலில் சத்தமில்லாமல் போட்டுவிட்டு, எத்தனை வருஷம் போயிருக்கும் என்று மட்டும் கேட்டேன். அப்புறம் சத்தத்தோடு போட்டுவிட்டு, கடைசியில் வந்தது யார் கை என்று கேட்டேன். அந்த நாலு பேரில் இயக்குநரின் அத்தையும் இருந்தார். முதல் கேள்விக்கு விரலை மடக்கிச் செருப்பை எண்ணிப் பார்த்து, “பதினோரு வருஷம் இருக்குமா?” என்றார். இரண்டாவது கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்த நட்சத்திரக் கோலத்துக்கு முந்தினதைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். 7 புள்ளிக் கோலம், ஸ்கூல் ஷூ, சைக்கிள் சக்கரம். அவர் திரையில் விரலை வைத்து, “இங்க ஒரு கோடு சேராம விட்டிருக்கா பாருங்க, இதுலயே அவளுக்கு முடியல” என்றார். அது அக்கா தெரியாமல் விட்ட கோடு, மூன்று காலையும் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. சரிசெய்வதா என்று இயக்குநர் என்னைப் பார்த்தார். அந்த ஷாட்டுக்கு மட்டும் ஐந்து நொடியை ஆறாக்கி, நட்சத்திரத்தை மூன்றாக்கினேன்.